ஒப்பந்தத்தை முடிக்கும் கடிதம்: எந்த முகவரிக்கு, எந்த வழியில்?

மாங்குளத்தில் கொமியூனிகேஷன் கடை நடத்தும் ஒரு அண்ணை, கொழும்பு நிறுவனம் ஒன்றிடம் போட்டோகொப்பி மெசினை மாத வாடகைக்கு எடுத்திருந்தார். வருட முடிவோடு ஒப்பந்தத்தை நிறுத்த நினைத்து, கிளிநொச்சிக் கிளையில் இருந்த தம்பியிடம் கடிதத்தைக் கையில் கொடுத்தார். அவரும் வாங்கிக் கையெழுத்து வைத்தார். ஜனவரியில் வழக்கம்போல பில் வந்தது. கேட்டால், "முறைப்படி அறிவித்தல் வரவில்லை, ஒப்பந்தம் ஒரு வருடம் நீண்டுவிட்டது" என்றார்கள். கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை, அது போய்ச் சேர்ந்த இடம்தான் பிழை.

முதலில் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். கையெழுத்துக்குச் சற்று முன்னால் "அறிவித்தல்கள்" என்றொரு பிரிவு இருக்கும். ஆங்கிலப் பிரதியில் "நோட்டீசஸ்" என்று போட்டிருப்பார்கள். அண்ணையின் ஒப்பந்தத்தில் இருந்ததன் சாரம் இது:

"அறிவித்தல் யாவும் எழுத்தில், முதற்பக்கத்திலுள்ள தலைமை அலுவலக முகவரிக்கு, சட்டப் பிரிவின் கவனத்திற்கு, நேரில் அல்லது பதிவுத் தபாலில் அனுப்பப்பட வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பியது, தபாலிட்ட நாளுக்குப் பின்னான மூன்றாவது வேலைநாளில் கிடைத்ததாகக் கொள்ளப்படும்."

இதில் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பாருங்கள்: எந்த முகவரி, எந்த வழி, எப்போது கிடைத்ததாகக் கணக்கு. கிளை அலுவலகம் இதில் எங்கேயும் இல்லை. வட்ஸ்அப், ஈமெயில், கூரியரும் இல்லை. "அனுப்பப்பட வேண்டும்" என்பதும் முக்கியம். ஆங்கிலத்தில் அது "ஷால்". "அனுப்பலாம்" என்று, அதாவது "மே" என்று இருந்தால், வேறு வழியில் அனுப்பியதும் செல்லும் என்று வாதாட இடம் உண்டு. "வேண்டும்" என்று இருக்கும்போது அந்த வாதத்தை நம்பி இறங்க வேண்டாம்.

இங்கிலாந்தில் அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1997 இல் தீர்த்த மன்னாய் வழக்கில், குத்தகையை முடிக்கும் கடிதத்தில் திகதி ஒரு நாள் பிழைத்திருந்தது. படிப்பவருக்கு நோக்கம் தெளிவாக விளங்கும் என்பதால் கடிதம் செல்லும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். ஆனால் நீலத் தாளில் எழுத வேண்டும் என்று ஒப்பந்தம் கேட்டால், இளஞ்சிவப்புத் தாளில் எழுதிப் பயனில்லை என்றும் ஹொஃப்மன் பிரபு அதே வழக்கில் சொன்னார். கிளைத் தம்பியின் கையெழுத்து அண்ணையைக் காப்பாற்றாததும் இதனால்தான்.

அடுத்தது நாள் கணக்கு. அண்ணையின் ஒப்பந்தம் 2025 டிசம்பர் 31 இல் முடிவதாக இருந்தது. முடிவுக்குக் குறைந்தது 60 நாளுக்கு முன் அறிவித்தல் கிடைத்திருக்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் நவம்பர் 1, சனிக்கிழமை. அந்த ஒப்பந்தத்தில் சனி வேலைநாள் அல்ல. ஆகவே ஒக்டோபர் 31, வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்ததாக வர வேண்டும். செவ்வாய் 28 இல் தபாலிட்டால் புதன், வியாழன், வெள்ளி என்று மூன்றாம் வேலைநாள் சரியாக 31 இல் விழும். புதன் 29 இல் தபாலிட்டால் அது திங்கள் நவம்பர் 3 ஆகிவிடும், ஒப்பந்தமும் ஒரு வருடம் நீளும். இடையில் போயா வந்தால் அந்த நாளையும் கழிக்க வேண்டும். நான் என்றால் இரண்டு கிழமை முன்னரே தபாலிடுவேன்.

சரி, இனித் தபாற்கந்தோர். கடிதவுறையில் முகவரியை ஒப்பந்தத்தில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். "சட்டப் பிரிவின் கவனத்திற்கு" என்ற வரியையும் விடாதீர்கள். கடிதத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒட்டிய உறையை முகவரி தெரியும்படி படம் எடுங்கள். கவுண்டரில் தரும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டில் திகதி முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். முத்திரை மங்கலாக இருந்தால் திரும்பக் குத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். எந்த நாளில் தபாலிட்டீர்கள் என்பதற்கு உங்கள் கையில் உள்ள சாட்சி அந்தத் துண்டுதான். அப்புறம் வேண்டுமானால் கிளைக்கும் ஈமெயிலுக்கும் பிரதி அனுப்புங்கள், "மூலம் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டது" என்ற வரியோடு.

நிறுவனம் இடம் மாறிவிட்டதாகக் கேள்விப்பட்டால்? முகவரி மாற்றத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று அநேகமான ஒப்பந்தங்கள் சொல்கின்றன. அப்படியொரு கடிதம் உங்களுக்கு வந்ததா என்று கோப்பில் தேடுங்கள். வந்திருந்தால் புதிய முகவரிதான். வராவிட்டால் பழைய முகவரிக்கே அனுப்பி, புதியதற்கும் இன்னொரு பதிவுத் தபால் போடுங்கள். உறை திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்; உள்ளே இருப்பது அந்தக் கடிதம்தான் என்று காட்ட அது உதவும்.

ஒப்பந்தத்தை மூட முன்னர் உங்கள் பெயருக்குக் கீழே உள்ள முகவரியையும் வாசியுங்கள். அண்ணையுடையதில், மீள்குடியேறிய புதிதில் வவுனியாவில் தங்கியிருந்த உறவினர் வீட்டு முகவரி இன்னமும் கிடந்தது. நிறுவனம் அனுப்பும் அறிவித்தலும் இதே பிரிவின்படி அங்கேதான் போகும், அவர் கண்ணில் படாமலே கிடைத்ததாகக் கணக்காகிவிடும். அதை மாற்ற அவர் எழுதிய கடிதமும் தலைமை அலுவலகத்துக்கு, சட்டப் பிரிவின் கவனத்திற்கு, பதிவுத் தபாலில்தான் போனது.