கேம்பர், காஸ்டர், டோ: அலைன்மென்ட் தாளைப் படிப்பது எப்படி?

பள்ளத்தில் முன் இடச் சக்கரம் பலமாக இறங்கியதிலிருந்து என் சிறிய கார் இடப்பக்கம் இழுத்தது. சில வாரங்களில் முன் டயர்களின் உள் விளிம்பும் தேயத் தொடங்கியது. அலைன்மென்ட் கடைக்காரர் டோவை மட்டும் சரிசெய்து அனுப்பினார். தேய்மானம் நின்றது, ஆனால் இழுப்பு போகவில்லை. காரணம், சக்கரக் கோணங்களை அளந்து அவர் கொடுத்த தாளிலேயே இருந்தது.

முதலில் டயரைக் கையால் தடவிப் பாருங்கள். வண்டியின் முன்னே நின்று பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம் கேம்பர். சக்கரத்தின் மேற்புறம் உள்ளே சாய்ந்தால் அது நெகட்டிவ்; அளவு மீறினால் டயரின் உள் ஓரம் மட்டும் வழவழப்பாகத் தேயும். டோ என்பது, மேலிருந்து பார்த்தால், சக்கரங்களின் முன்பக்கம் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ நிற்கும் கோணம்; நோக்கினால் டோ இன், விலகினால் டோ அவுட். டோ தவறினால் டயர் உருளும்போதே பக்கவாட்டில் உரசுவதால், ட்ரெட் கட்டைகளின் ஒரு விளிம்பு மட்டும் இறகு முனைபோல் கூர்மையாகிறது. வெளியிலிருந்து உள்ளே தடவும்போது அது கையில் குத்தினால் டோ அவுட், உள்ளிருந்து வெளியே தடவும்போது குத்தினால் டோ இன்.

என் டயர் வெளியிலிருந்து உள்ளே தடவும்போது குத்தியது. தாளில் இரு சக்கரங்களுக்கும் சேர்த்து 1 டிகிரி டோ அவுட் இருந்தது. வண்டி ஓடும்போது அதை இரு சக்கரங்களும் அரை டிகிரியாகப் பகிர்ந்துகொள்ளும். அப்படியானால் ஒவ்வொரு டயரும் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. இவ்வளவு விரைவாகத் தேய்ந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்து காஸ்டரைப் பாருங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சு, பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு அது. திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதும், வேகத்தில் வண்டி நிலையாக ஓடுவதும் பெருமளவு இதைப் பொறுத்தவை. காஸ்டர் டயரை நேரடியாக அதிகம் தேய்ப்பதில்லை, எனவே டயரைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. இருபக்கமும் சமமில்லாவிட்டால், குறைவான பக்கத்துக்கு வண்டி இழுக்கும். என் தாளில் வலப்புறம் 3.5 டிகிரி, இடப்புறம் 2 டிகிரி. கேம்பரோ இருபுறமும் ஏறத்தாழ சமம். அடியில் பார்த்தபோது சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் இடப்பக்க லோயர் ஆர்ம் பின்னோக்கி வளைந்திருந்தது.

ஸ்ட்ரட் வகை முன் சஸ்பென்ஷன் கொண்ட பெரும்பாலான சிறிய கார்களில், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் திருகி டோவை மட்டுமே மாற்ற முடியும். கேம்பரும் காஸ்டரும் தவறியிருந்தால் வளைந்த பாகத்தையோ தேய்ந்த புஷ்ஷையோதான் மாற்ற வேண்டும். இதைச் சொல்லாமல் டோவை மட்டும் திருகிவிட்டுப் பணம் வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வேலையின் வரிசையும் முக்கியம். காற்றழுத்தத்தையும் பால் ஜாயிண்ட் ஆட்டத்தையும் பார்த்துவிட்டு, ஆர்மை மாற்றி, கேம்பரையும் காஸ்டரையும் மறுபடி அளந்து, ஸ்டியரிங்கை நேராகப் பூட்டியபின் கடைசியாக டோவை வைக்க வேண்டும். கேம்பரும் காஸ்டரும் மாறினால் டோவும் நகர்ந்துவிடும். புது ஆர்ம் போட்டபின் இடப்புறக் காஸ்டர் 3.4 டிகிரிக்கு வந்தது, இழுப்பும் நின்றது.