விண்டோஸ் 11-இல் சின்னங்களையும் சாளரங்களையும் தொடாமல் எழுத்தை மட்டும் பெரிதாக்குவது எப்படி

திரையில் எழுத்து சிறிதாக இருந்தால் பெரும்பாலோர் முதலில் Settings, System, Display என்று போய் Scale அளவை 100%-லிருந்து 125%-க்கு உயர்த்துகிறார்கள். அது எழுத்தை மட்டுமன்றிச் சின்னங்கள், பொத்தான்கள், சாளரங்கள் அனைத்தையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்குவதால், திரையில் கொள்ளும் இடம் குறைந்துவிடுகிறது. எழுத்தை மட்டும் பெரிதாக்கும் வேறொரு அமைப்பு விண்டோஸில் உண்டு. எந்த நிலையில் எதைத் தேர்வது என்பதை ஓர் எடுத்துக்காட்டுடன் பார்ப்போம்.

தேக்காவில் உள்ள ஒரு மளிகைக் கடையின் கல்லா மேசையில் 1366×768 புள்ளிகள் கொண்ட திரையுள்ள மடிக்கணினி இருப்பதாகக் கொள்வோம். கணக்குப் பார்ப்பவர் விநியோகிப்பாளர்களின் பெயர்களைத் தமிழிலேயே கோப்புறைகளுக்கு இட்டிருக்கிறார். சிறிய அளவில் ‘ன’வும் ‘ண’வும் அவருக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. அதே கணினியில் 600 புள்ளி உயரமுள்ள, அளவை மாற்ற முடியாத பழைய பில் மென்பொருள் ஒன்றும் ஓடுகிறது. அதன் சேமிப்புப் பொத்தான் சாளரத்தின் அடியில் இருக்கிறது.

Scale 100% ஆக இருக்கும்போது, பணிப்பட்டைக்கு உரிய 48 புள்ளிகள் போக, 720 புள்ளி உயரம் மிஞ்சும். 125% ஆக்கினால் 768 என்பது 1.25-ஆல் வகுபட்டு 614-ஆகச் சுருங்கி, பணிப்பட்டை போக 566 மட்டுமே எஞ்சுவதால், 600 உயரமுள்ள பில் சாளரத்தின் அடிப்பகுதி திரைக்கு வெளியே போய், சேமிப்புப் பொத்தான் மறைந்துவிடும். புள்ளி அடர்த்தி மிகுந்த திரைகளுக்கு ஏற்ப எழுதப்படாத பழைய மென்பொருளை விண்டோஸ் ஒரு படத்தைப்போல் இழுத்துப் பெரிதாக்குவதால், அதன் எழுத்துகள் மங்கலாகவும் தெரியும்.

இங்கே எழுத்தளவை மட்டும் மாற்றுவதே பொருத்தம். விண்டோஸ் விசையையும் U விசையையும் சேர்த்து அழுத்தினால் Accessibility பக்கம் திறக்கும். அதில் Text size என்பதைச் சொடுக்குங்கள். 100%-லிருந்து 225% வரை நகரும் ஒரு கோலும், மாதிரி எழுத்து காட்டும் ஒரு பெட்டியும் தெரியும். கோலை 120%-க்கு நகர்த்தி, மாதிரியைப் பார்த்த பின் Apply பொத்தானை அழுத்துங்கள். கோலை நகர்த்துவதால் மட்டும் எதுவும் மாறாது என்பதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. சில நொடிகள் காத்திருக்கச் சொல்லும் திரை தோன்றி மறைந்ததும் மாற்றம் நடைமுறைக்கு வந்திருக்கும். விண்டோஸ் 10-இல் இதே கோல் Ease of Access என்பதன்கீழ் Display பக்கத்தில் Make text bigger என்ற பெயரில் இருக்கிறது.

இப்போது கோப்புறைப் பெயர்கள், பட்டியல் வரிகள், சாளரத் தலைப்புகள் ஆகியவை பெரிதாகியிருக்கும்; பில் சாளரம் முன்பிருந்த அளவிலேயே நிற்பதால் பொத்தானும் தன் இடத்தில் இருக்கும். ஆனால் தன் எழுத்தளவைத் தானே முடிவு செய்யும் மென்பொருள் இந்த அமைப்பைப் பொருட்படுத்தாது. ஆகவே பில்லின் உள்ளே உள்ள எழுத்து சிறிதாகவே இருக்கக்கூடும். வேர்டு ஆவணத்தின் எழுத்தும் மாறாது. அதற்கு வேர்டின் Zoom அளவையே கூட்ட வேண்டும். இணைய உலாவிகளிலோ நிலைமை நேர்மாறானது: பக்கத்திலுள்ள படங்களும் சேர்ந்து பெரிதாகலாம். அது இடைஞ்சலானால் Ctrl விசையுடன் கழித்தல் குறியை அழுத்தி அந்தத் தளத்தை மட்டும் சுருக்கிக்கொள்ளலாம்.

அளவை மிகைப்படுத்தினால் பெட்டிகள் பழைய அகலத்திலேயே இருக்க, எழுத்து மட்டும் வளர்ந்து, பெயர்களின் முடிவில் மூன்று புள்ளிகள் தோன்றத் தொடங்கும். தமிழ்ச் சொற்கள் பொதுவாக நீளமானவை என்பதால் இது ஆங்கிலப் பெயர்களைவிட விரைவில் நேரும். ‘ழு’, ‘து’ போன்றவற்றின் கீழ்ப்பகுதி வெட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள். இவற்றில் எதைக் கண்டாலும் கோலை 5% குறைத்து மீண்டும் Apply செய்யுங்கள்.

சுட்டியைக் குறிபார்த்து வைப்பதே சிரமமாக இருந்தாலோ, 13 அங்குலத் திரையில் 4கே தெளிவு இருந்து சின்னங்களும் கடுகளவாகத் தெரிந்தாலோ, எழுத்தை மட்டும் வளர்ப்பது பயன்தராது. அங்கே Scale-தான் சரி. இரண்டு திரைகளை இணைத்திருப்பவர்களுக்கும் அதுவே ஏற்றது. Scale அளவை ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியே வைக்கலாம், Text size எல்லாத் திரைகளுக்கும் ஒன்றாகவே பொருந்தும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது அளவுகள் ஒன்றோடொன்று பெருகும்: Scale 125%, Text size 120% என்றால் எழுத்து 150% ஆகிவிடும். எனவே முதலில் பொத்தான்களும் சின்னங்களும் வசதியாகத் தெரியும் அளவுக்கு Scale-ஐ வைத்துவிட்டு, எழுத்தில் எஞ்சிய குறையை மட்டும் Text size கோலால் சரிசெய்யுங்கள்.