வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருஷம்: லிங்க்ட்இனில் அடக்கமாக ஒரு பதிவு எழுதுவது எப்படி

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி யூனிட்டில் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு, அதாவது ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு கப்பல் ஏறும்வரை பார்த்துக்கொள்வது. போன வருஷம், நாலு வருஷம் முடிந்த அன்று, இப்படிப் போட்டேன்: "இன்றுடன் நான்காம் ஆண்டை நிறைவு செய்கிறேன். எத்தனையோ கற்றுக்கொண்டேன். உடன் நின்ற அனைவருக்கும் நன்றி. பயணம் தொடரும்." எழுபது பேர் வாழ்த்துச் சொன்னார்கள். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. என்ன கேட்பார்கள்? கேட்க அதில் எதுவுமே இல்லையே.

இந்த வருஷம் வேறு மாதிரி எழுதினேன். பேச்சு மூன்று நாள் ஓடியது. என்ன மாற்றினேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். கணக்குத் தொடங்குவது, படம் ஏற்றுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: தானாகப் போகும் அறிவிப்பை நிறுத்துங்கள்

சேர்ந்த மாதம் வந்ததும் லிங்க்ட்இன் தானாகவே உங்கள் தொடர்பில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடும். நீங்கள் பதிவு போடுவதற்குள் வாழ்த்துகள் வந்து தீர்ந்துவிடும். Settings & Privacy பக்கத்தில் Visibility என்ற பகுதிக்குள் போனால், வேலை மாற்றத்தையும் ஆண்டு நிறைவையும் மற்றவர்களுக்கு அறிவிக்கும் ஒரு பொத்தான் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள்.

ஆண்டு நிறைவுக்கென்றே அங்கே இருக்கும் வண்ண அட்டையை நான் தொடுவதில்லை. அட்டையைப் பார்த்ததும் கை தானாக வாழ்த்துக்குப் போய்விடுகிறது, கீழே இருப்பதை யாரும் படிப்பதில்லை. வெறும் எழுத்துப் பதிவே போதும்.

படி 2: ஒரே ஒரு பாடம், அதுவும் தப்பு நடந்த நாளிலிருந்து

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். முதல் வரைவில் பொறுமை, குழுவாக வேலை செய்வது, நேர மேலாண்மை என்று ஆறு பாடம் எழுதியிருந்தேன். வங்கியில் வேலை செய்பவரும் அதையே எழுதலாம், பள்ளிக்கூட வாத்தியாரும் எழுதலாம். அத்தனையும் அடித்தேன்.

அப்புறம் பழைய டைரியை எடுத்து ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டேன்: எந்த நாளுக்குப் பிறகு நான் வேலை செய்யும் விதம் மாறியது? பதில் உடனே வந்தது, இரண்டாம் வருஷத்தில் ஒரு வியாழக்கிழமை.

கப்பல் தேதி நெருங்கியிருந்தது. துணி பிறகு சுருங்குவதைக் குறைக்கும் காம்பாக்டிங் முடிந்து சாயங்காலம் வந்த, லைக்ரா கலந்த சிங்கிள் ஜெர்சி பனியன் துணி ரோல்களை அன்று ராத்திரியே வெட்டச் சொன்னேன். கட்டிங் மாஸ்டர், "துணிய ஒரு நாளாச்சும் பிரிச்சுப் போட்டு வெக்கோணும் தம்பி" என்றார். "நேரமில்லைங்க மாஸ்டர்" என்றேன். மறுநாள் காலை பார்த்தால், 74 செ.மீ. நீளத்துக்கு வெட்டிய பீஸ்கள் 72.5 செ.மீ.தான் இருந்தன. இழுபட்டபடியே ரோலில் சுற்றியிருந்த துணி, வெட்டிய பிறகு மெல்லச் சுருங்கியிருக்கிறது. வெட்டும்போது பேட்டர்னோடு ஒத்துப்போவதால் அப்போது எதுவும் தெரியாது. மறுநாள் அதே பேட்டர்னை மேலே வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

எம் சைஸ் பீஸ்களை எஸ் சைஸாக மறுபடி வெட்டித் தப்பித்தோம். குறைந்த எம் சைஸுக்குப் புதுத் துணி வாங்க வேண்டியிருந்தது.

இந்த ஒன்று போதும். எப்படித் தேர்ந்தெடுப்பது என்று குழம்பினால் இப்படிச் சோதியுங்கள்: பாடத்தில் ஒரு எண்ணும் ஒரு பொருளின் பெயரும் இருக்கிறதா? இல்லையென்றால் இன்னும் பொதுவாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

படி 3: தப்பைத் தன் மேல் போட்டுக்கொள்ளுங்கள்

மாஸ்டர் சொன்னதை நான் கேட்கவில்லை என்றுதான் எழுதினேன். "அவசரப்படுத்தினார்கள்" என்று எழுதியிருந்தால் அது புகார் ஆகியிருக்கும். அடக்கம் என்பதற்காக "நான் சாதாரண ஆள்தான்" என்றெல்லாம் எழுதத் தேவையில்லை. யார் சொன்னது சரி என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தாலே போதும்.

மாஸ்டரிடம் பெயர் போடலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க தம்பி" என்றார். போடவில்லை. ஆர்டர் கொடுக்கும் பையர் பெயர், ஸ்டைல் நம்பர், விலை மூன்றும் எந்தப் பதிவிலும் வரக்கூடாது.

படி 4: முதல் இரண்டு வரி

போனில் பார்த்தால் முதல் இரண்டு மூன்று வரிகள்தான் தெரியும், மீதி மடிந்துவிடும். "இன்றுடன்" என்று தொடங்கினால் அந்த இடம் வீண். வருஷக் கணக்கை முதல் வரியில் சின்னதாகச் சொல்லிவிட்டு உடனே சம்பவத்துக்குள் போங்கள். நான் போனிலேயே நோட்ஸ் செயலியில்தான் எழுதுவேன். கணினியில் எழுதினால் பத்தி எவ்வளவு நீளமாகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

படி 5: கேள்வி

"உங்கள் அனுபவம் என்ன?" என்று முடிக்காதீர்கள். அதற்குப் பதில் சொல்ல ஒருவர் உட்கார்ந்து கட்டுரை எழுத வேண்டும். டீக்கடையில் நின்றபடி ஒரு வரியில் பதில் போடக்கூடிய கேள்வியாக இருக்கட்டும். உங்களுக்கு உண்மையிலேயே பதில் தெரியாததாகவும் இருக்கட்டும். தெரிந்துகொண்டே கேட்டால் தேர்வு வைக்கிற மாதிரி ஆகிவிடும்.

கடைசியில் போட்டது இது:

> மெர்ச்சண்டைசராகி இந்த மாதத்தோடு 5 வருஷம். இரண்டாம் வருஷம், சாயங்காலம் வந்த லைக்ரா ரோலை அன்றைக்கே வெட்டச் சொன்னேன்.
>
> மாஸ்டர் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. மறுநாள் 74 செ.மீ. பீஸ் 72.5 செ.மீ. ஆகியிருந்தது.
>
> அன்றிலிருந்து என் ஃபைலில் முதல் வரி, ரோல் பிரித்த நேரம். 24 மணி நேரம் ஆகாமல் கட்டிங் கேட்பதில்லை.
>
> இன்னும் பிடிபடாத ஒன்று: அதே 24 மணி நேரம் போட்டும் சில ரோல் சுருங்குகிறது. உங்கள் யூனிட்டில் லைக்ராவை எத்தனை மணி நேரம் போட்டு வைக்கிறீர்கள்?

படி 6: போட்டுவிட்டு ஓடாதீர்கள்

அடுத்த ஒரு மணி நேரம் கையில் வேலை இல்லாத நேரமாகப் பார்த்துப் போடுங்கள். பதில் சொல்பவரிடம் "நன்றி" என்று மட்டும் போட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவர் சொன்னதிலிருந்து ஒரு கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். ஒருவர் "36 மணி நேரம்" என்று மட்டும் எழுதியிருந்தார். "ரேக்கிலா, தரையிலா?" என்று கேட்டேன். பிரித்த துணியை உயரமாக அடுக்கினால் அடியில் இருப்பது மேல் பாரத்தில் அமுங்கியே கிடக்கும், எத்தனை மணி நேரம் ஆனாலும் சுருங்க வழியில்லை, அதனால் தாழ்வாக அடுக்குகிறோம் என்று விளக்கினார். எங்கள் யூனிட்டில் இடுப்பு உயரத்துக்கு அடுக்கிக்கொண்டிருந்தோம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒரு தங்கை, தமிழில் எழுதினால் நீளம் பத்தவில்லை என்கிறார். உண்மைதான். பதிவுக்கு 3000 எழுத்து வரம்பு, ஆனால் கணினி கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். "வேலை" நமக்கு இரண்டு எழுத்து, அதற்கு நாலு. ஆனாலும் ஒரே பாடம் எழுதினால் வரம்பு கிட்டேயே வராது. அவர் ஏழு பாடம் எழுதியிருந்தார்.

இன்னொன்று: நண்பர் ஒருவர் கட்டிங் மேசையோடு படம் போட்டார். பின்னால் தொங்கிய சட்டையில் பையர் லேபிள் பளிச்சென்று தெரிந்தது. அலுவலகத்திலிருந்து போன் வந்து பதிவையே நீக்க வேண்டியதாயிற்று. படம் போட்டே ஆக வேண்டுமென்றால் இஞ்ச் டேப்பை மட்டும் எடுங்கள்.