பெயின்ட் வேலைக்குப் பிரித்துக் கொட்டேஷன் வாங்கிய விதம்

சேலம் அஸ்தம்பட்டியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை ஃபிளாட்டுக்குப் பெயின்ட் அடிக்க, கான்ட்ராக்டர் ஒரே வரியில் மொத்தத் தொகை சொன்னார். ஓனரோ, "எதுக்கு எவ்வளவுன்னு தெரியாம நான் எப்படிப் பாதி தர்றது?" என்றார். நியாயமான கேள்வி. கான்ட்ராக்டருக்கு இப்படி எழுதினேன்:

"வணக்கம் அண்ணா. ஒவ்வொரு ரூமுக்கும் சுவர், சீலிங் சதுர அடியைத் தனித்தனியாகப் போடுங்கள். கதவு, ஜன்னலைக் கழித்துவிடுங்கள். சுரண்டுவது, பட்டி, பிரைமர், பெயின்ட் ஒவ்வொன்றுக்கும் எத்தனை கோட், என்ன ரேட் என்று எழுதுங்கள். பாத்ரூமை ஒட்டிய சுவரில் ஓதம் இருக்கிறது; அதைத் தனி வரியாகக் காட்டுங்கள்."

நானும் டேப் பிடித்து அளந்தேன். 12க்கு 10 அடி ரூம், உயரம் 10 அடி என்றால் சுவர் மட்டும் 440 சதுர அடி. கதவும் ஜன்னலும் 37 போக 403. சீலிங் 120.

வந்த கொட்டேஷனில் ஓதச் சுவருக்கும் வெறும் பிரைமர்தான் போட்டிருந்தார். குழாய்க் கசிவை அடைக்காமல் மேலே எதை அடித்தாலும் உப்புப் பூத்து உரிந்துவிடும். அந்த வரியைக் காட்டியதும் கசிவு வேலையை ஓனர் தன் செலவில் ஏற்றுக்கொண்டார். மீதியைப் பாதிப் பாதியாகப் பிரித்தோம். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பட்டி வைப்பதாகவும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கினேன்.