இரண்டு தாயக்கட்டைகள்: மாதிரி வெளியிலும் சாராமையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஒழுங்கையொன்றில் சாதாரண தர மாணவருக்கு நான் நடத்தும் கணித வகுப்பில், நிகழ்தகவு அலகு தொடங்கும் வாரத்தில் மேசைமேல் ஒரு சிவப்புத் தாயக்கட்டையும் ஒரு நீலத் தாயக்கட்டையும் இருக்கும். கரையோரப் பாதையில் ரயில் போகும்போது மேசை இலேசாக அதிரும். அந்த அதிர்வில் கட்டை புரண்டால் அது எறிதலாகுமா என்று யாராவது ஒருவர் ஒவ்வொரு ஆண்டும் கேட்பதுண்டு. அதைவிட முக்கியமான தவறுகள் விடைத்தாள்களில் வருகின்றன. அவற்றுள் முதலாவது, கோடாத, அதாவது ஆறு முகங்களும் சமமாக விழத்தக்க, இரண்டு தாயக்கட்டைகளை எறியும்போது கூட்டுத்தொகை 3 ஆவதற்கான நிகழ்தகவு யாது என்ற எளிய வினாவுக்கு 1/21 என்று விடை எழுதுவது.

அந்த விடையை எழுதிய மாணவர் சோம்பேறி அல்லர். 1-1, 1-2, 1-3 என்று தொடங்கி 6-6 வரை எதையும் விடாமலும் எதையும் இருமுறை எழுதாமலும் 21 சோடிகளைக் கொப்பியில் வரிசையாக எழுதியிருந்தார். 1-2 ஐயும் 2-1 ஐயும் ஒரே சோடியாகக் கொண்டதால், கூட்டுத்தொகை 3 ஐத் தரும் சோடி அவருக்கு ஒன்றுதான் கிடைத்தது. எண்ணிக்கையில் பிழையில்லை, அந்த 21 சோடிகளும் சமமாக நேரத்தக்கவை என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. மாதிரி வெளியை, அதாவது நேரக்கூடிய பேறுகள் யாவற்றின் தொகுதியை, எந்த வடிவத்தில் எழுதினாலும் குற்றமில்லை, ஆனால் சாதகமான பேறுகளின் எண்ணிக்கையை மொத்த எண்ணிக்கையால் வகுக்கும் முறை, பேறுகள் யாவும் சமமாக நேரத்தக்கனவாக இருக்கும்போது மட்டுமே செல்லும்.

சிவப்பில் 1 உம் நீலத்தில் 2 உம் விழுவது ஒரு பேறு. சிவப்பில் 2 உம் நீலத்தில் 1 உம் விழுவது வேறொரு பேறு. ஆனால் 1-1 விழுவதற்கு ஒரே வழிதான் உண்டு. சிவப்பின் ஆறு எண்கள் ஒவ்வொன்றோடும் நீலத்தின் ஆறு எண்களும் சேரக்கூடும் என்பதால், சமமாக நேரத்தக்க பேறுகள் 6 × 6 = 36. ஆகவே 21 சோடிகளுள் ஆறு இரட்டைகள் ஒவ்வொன்றும் 1/36 என்ற நிகழ்தகவையும், ஏனைய 15 சோடிகள் ஒவ்வொன்றும் 2/36 என்ற நிகழ்தகவையும் கொண்டிருக்கின்றன. கூட்டிப் பார்த்தால் 6 + 30 = 36 என்று கணக்குச் சரியாக முடிகிறது. கூட்டுத்தொகை 3 இன் நிகழ்தகவு 2/36, அதாவது 1/18.

இங்கே மாணவர் வழக்கமாக எழுப்பும் எதிர்வாதம் நியாயமானது: இரண்டு கட்டைகளும் ஒரே வெள்ளை நிறமாக இருந்து, எது எது என்று நம்மால் பிரித்தறிய முடியாவிட்டால் என்ன செய்வது? நிறத்தைப் பார்ப்பது நம் கண், விழுவது கட்டை. வெள்ளைக் கட்டையொன்றின் அடியில் பென்சிலால் சிறு புள்ளி வைத்த மாத்திரத்தில் 1-2 விழும் வாய்ப்பு மாறிவிடாது. ஐயமுள்ளவர்கள் 360 தடவை எறிந்து குறித்துப் பார்க்கலாம். 21 என்ற எண்ணம் சரியானால் 1-1 உம் 1-2 உம் ஏறத்தாழ 17 தடவை வீதம் வர வேண்டும். 36 என்ற எண்ணம் சரியானால் 1-1 பத்துத் தடவையளவிலும் 1-2 இருபது தடவையளவிலும் வர வேண்டும். ஒரு சோடியை மட்டும் பார்த்தால் தற்செயல் ஏமாற்றக்கூடும் என்பதால், ஆறு இரட்டைகளையும் சேர்த்து எண்ணுவது நல்லது. அவை 60 ஐ அண்டுகின்றனவா, 103 ஐ அண்டுகின்றனவா என்பது ஒரு மாலை வேளையிலேயே தெரிந்துவிடும்.

இந்தத் தவறு செய்தவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. நுண்கணிதத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான லைப்னிட்ஸ், இரண்டு கட்டைகளில் 11 விழுவதும் 12 விழுவதும் ஒரே அளவு எளிது என்று கருதினார். இரண்டுக்கும் ஒரேயொரு வழிதான் உண்டு என்பது அவருடைய எண்ணம். உண்மையில் 11 க்கு (5, 6), (6, 5) என இரண்டு வழிகளும் 12 க்கு ஒரு வழியும் இருக்கின்றன.

பேறுகளைப் பட்டியலாக எழுதுவதைவிட நெய்யரியில் குறிப்பதையே நான் வற்புறுத்துவேன். கிடையச்சில் சிவப்பின் 1 முதல் 6 வரையும் நிலைக்குத்தச்சில் நீலத்தின் 1 முதல் 6 வரையும் குறித்தால் 36 புள்ளிகள் கிடைக்கும். ஒரே கூட்டுத்தொகையுள்ள புள்ளிகள் சாய்ந்த கோடொன்றில் அமையும். கூட்டுத்தொகை 2 க்கு ஒரு புள்ளி, 3 க்கு இரண்டு என்று ஏறி, 7 க்கு ஆறு புள்ளிகளுடன் உச்சத்தை அடைந்து, பின்னர் அதே ஒழுங்கில் இறங்கி 12 க்கு ஒரு புள்ளியில் முடியும். கூட்டுத்தொகை s ஆக இருந்தால் புள்ளிகளின் எண்ணிக்கை 6 − |s − 7|. பதினொரு கூட்டுத்தொகைகள் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் 1/11 என்று எழுதுவோரும் உளர். நெய்யரியை ஒரு தடவை வரைந்தவர்கள் அதைத் திரும்ப எழுதுவதில்லை.

அடுத்த தவறு ஆழமானது. சாரா நிகழ்ச்சிகள் என்ற பெயரே அதற்கு வழிவிடுகிறது. சாராதவை என்றால் ஒன்றோடொன்று தொடர்பற்றவை, ஆகவே ஒருங்கே நிகழாதவை என்று பலர் விளங்கிக்கொள்கிறார்கள். ஒருங்கே நிகழ முடியாதவை தம்முள் புறநீங்கும் நிகழ்ச்சிகள். அது வேறு விடயம். சிவப்புக் கட்டையில் 4 விழுவதும் கூட்டுத்தொகை 11 ஆவதும் புறநீங்குபவை, ஏனெனில் சிவப்பில் 4 இருந்தால் கூட்டுத்தொகை 10 ஐத் தாண்டாது. சிவப்பில் 4 விழுந்தது என்று யாரேனும் சொன்னவுடனேயே 11 இன் வாய்ப்பு 2/36 இலிருந்து பூச்சியத்துக்கு இறங்கிவிடுகிறது. ஒன்றைப் பற்றிய செய்தி மற்றதன் வாய்ப்பை முற்றாக அழிக்கிறதென்றால் அவை ஒன்றையொன்று மிகவும் சார்ந்திருக்கின்றன என்பதே பொருள். நிகழ்தகவு பூச்சியமல்லாத இரண்டு நிகழ்ச்சிகள் புறநீங்குபவையாகவும் சாராதவையாகவும் ஒருசேர இருக்கவே முடியாது.

A உம் B உம் சாராதவை என்பதற்கு P(A∩B) = P(A) × P(B) என்பதே வரைவிலக்கணம். பாடப்புத்தகத்தில் அது மனப்பாடத்துக்கான சூத்திரம்போலத் தெரிந்தாலும், சாராமையைச் சோதிப்பதற்கான கருவி அதுதான். அதை உரிய இடத்தில் பிரயோகிக்காமல், பார்த்த மாத்திரத்தில் சாரும், சாராது என்று தீர்மானிப்பதால் என்ன நேர்கிறது என்பதற்கு வகுப்பில் நடந்த ஓர் உரையாடலைச் சொல்ல வேண்டும். A என்பது சிவப்பில் 4 விழுதல், B என்பது கூட்டுத்தொகை 7 ஆதல் என்று எடுத்து, இவை சாராதவை என்று நான் கரும்பலகையில் எழுதியபோது முன்வரிசையில் இருந்த மாணவி விடவில்லை. "சேர், ஏழு எண்டு வாறதே ரெண்டு கட்டையையும் கூட்டித்தானே. பிறகு எப்பிடி அது சிவப்புக் கட்டையைச் சாராமல் இருக்கும்?"

கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். P(A) = 1/6. P(B) = 6/36 = 1/6. இரண்டும் ஒருங்கே நிகழும் புள்ளி (4, 3) ஒன்றுதான்; ஆகவே P(A∩B) = 1/36. பெருக்கமும் 1/36. சாராதவைதான். ஆனால் B க்குப் பதிலாகக் கூட்டுத்தொகை 8 ஆதலை C என்று எடுத்தால் நிலைமை மாறுகிறது. P(C) = 5/36; A உம் C உம் ஒருங்கே நிகழும் புள்ளி (4, 4) என்பதால் P(A∩C) = 1/36, அதாவது 6/216. பெருக்கமோ 1/6 × 5/36 = 5/216. வித்தியாசம் சிறிது, ஆனாலும் சமனில்லை. இவை சார்ந்த நிகழ்ச்சிகள்.

ஏழுக்கும் எட்டுக்கும் இடையே ஏன் இந்தப் பேதம் என்பதை நெய்யரி காட்டித் தருகிறது. கூட்டுத்தொகை 7 இன் சாய்கோடு ஆறு நிரல்களையும் ஒவ்வொரு புள்ளியில் தொட்டுச் செல்கிறது. சிவப்பில் எது விழுந்தாலும் 7 ஐ நிரப்ப நீலத்தில் குறித்த ஓர் எண் தேவை, அந்த எண் எப்போதும் இருக்கிறது, அதன் வாய்ப்பு எப்போதும் 1/6. ஆகவே சிவப்பைப் பற்றிய செய்தி 7 ஐப் பற்றி எதையும் சொல்வதில்லை. எட்டின் சாய்கோடு முதலாம் நிரலைத் தொடுவதில்லை. சிவப்பில் 1 விழுந்தால் 8 க்கு வழியே இல்லை. 2 முதல் 6 வரை ஏதேனும் விழுந்தால் வாய்ப்பு 5/36 இலிருந்து 6/36 ஆகச் சற்று உயர்கிறது. செய்தி பெறுமானத்தை மாற்றுகிறது, ஆகவே சார்பு இருக்கிறது. இரண்டு கட்டைகளின் எறிதல்கள் ஒன்றையொன்று சாராதவை என்பதிலிருந்து, அந்தக் கட்டைகளைக் கொண்டு வரையறுக்கும் எல்லா நிகழ்ச்சிகளும் சாராதவை என்றும் வராது, கூட்டுத்தொகையோடு தொடர்புடையவை எல்லாம் சார்ந்தவை என்றும் வராது.

எறிதல்கள் சாராதவை என்பதை ஏற்றுக்கொண்டவர்களும் வேறோரிடத்தில் அதை மறந்துவிடுகிறார்கள். 7 இன் நிகழ்தகவு 1/6 என்பதால் ஆறு தடவை எறிந்தால் ஒரு தடவையாவது 7 வந்தே தீரும் என்பது ஓர் எண்ணம். ஐந்து தடவை வராவிட்டால் ஆறாவதில் வருவதற்குக் கூடுதல் வாய்ப்பு உண்டு என்பது அதன் உடன்பிறப்பு. ஆறு எறிதல்களில் ஒரு தடவையும் வராமலிருக்கும் நிகழ்தகவு (5/6)⁶, ஏறத்தாழ 0.335. மூன்றில் ஒரு தடவை அப்படித்தான் நடக்கும். கட்டைக்கு முன்னைய எறிதல்களின் ஞாபகம் கிடையாது.

சிவப்பு 4 உம் கூட்டுத்தொகை 7 உம் சாராதவை என்ற முடிவு, நீலக் கட்டை கோடாதது என்ற எடுகோளில் தங்கியிருக்கிறது என்பதையும் அந்த மாணவிக்குக் காட்ட வேண்டியிருந்தது. நீலக் கட்டை கோடியது, அதில் 6 இன் நிகழ்தகவு 1/4, ஏனைய ஐந்தும் 3/20 வீதம் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு கோடாததாகவே இருக்கட்டும். அப்போதும் கூட்டுத்தொகை 7 இன் நிகழ்தகவு 1/6 ஆகவே இருக்கும், ஏனெனில் ஆறு வழிகளிலும் சிவப்பின் பங்கு 1/6, நீலத்தின் ஆறு பங்குகளையும் கூட்டினால் 1. விடையை மட்டும் பார்ப்பவருக்குக் கட்டை கோடியது தெரியவே தெரியாது. ஆனால் சிவப்பில் 4 விழுந்திருந்தால் 7 க்கு நீலத்தில் 3 தேவை, அதன் வாய்ப்பு 3/20. சிவப்பில் 1 விழுந்திருந்தால் நீலத்தில் 6 தேவை, அதன் வாய்ப்பு 1/4. P(A∩B) இப்போது 1/6 × 3/20 = 1/40; பெருக்கமோ 1/36. 7 இன் நிகழ்தகவு அசையாமல் நின்றிருக்க, சாராமை மட்டும் போய்விட்டது. அந்த மாணவி இதைக் கணக்கிட்டு முடித்தபின் நீலக் கட்டையைக் கையிலெடுத்து, ஆறாம் முகத்துக்கு எதிர்ப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.