பந்தியில் கொட்டிய சாம்பார்: வேட்டிக்கு ஒரு வைத்தியம், பட்டுக்கு வேறு

கல்யாணப் பந்தியில் வாளி சாய்ந்து, அப்பாவின் பருத்தி வேட்டியிலும் அம்மாவின் பட்டுப் புடவையிலும் ஒரே சாம்பார் தெறித்தது. வேட்டி மறுநாளே பழையபடி ஆகிவிட்டது. புடவையை மட்டும் சித்தி பதறிப்போய் ஈரக் கைக்குட்டையில் சோப்பு தடவி அழுத்தித் தேய்த்துவிட்டார், அந்த இடத்தில் இழை நைந்து ஒரு தேய்ந்த தடம் நின்றுவிட்டது, அதற்கு இனி மருந்து கிடையாது.

சாம்பார் கறை என்பது ஒன்றல்ல, இரண்டு. தாளித்த எண்ணெய் ஒன்று, அந்த எண்ணெயோடு சேர்ந்து இழைக்குள் போகும் மஞ்சள் இன்னொன்று. மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் எந்தத் துணியானாலும் முதலில் எண்ணெயை எடுங்கள், நிறத்தை அப்புறம் பார்க்கலாம்.

கொட்டிய உடனே செய்ய வேண்டியது இரண்டு துணிக்கும் ஒன்றுதான். பருப்பையும் காயையும் கரண்டி விளிம்பால் வழித்து எடுங்கள், பிறகு டிஷ்யூவை வைத்து ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது, வெந்நீர் கூடாது.

முதலில் வேட்டி. கறையின் பின்பக்கம் குழாய்க்கு நேராக வரும்படி பிடித்து, பச்சைத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். வந்த வழியே வெளியே போகட்டும். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு மூன்று சொட்டு விட்டு விரலால் மெதுவாகப் பரப்பி, கால் மணி நேரம் விட்டு, வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். எண்ணெய் போய்விட்டதா என்று பார்க்க, அந்த இடத்தை உலரவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பஜ்ஜி வைத்த காகிதம் போல ஒளி ஊடுருவித் தெரிந்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, இன்னொரு முறை செய்யுங்கள்.

அடுத்து வழக்கமான சோப்புத்தூளில் துவைக்கும்போது மஞ்சள் திடீரென்று செக்கச்செவேல் என்று மாறும். இங்கேதான் பலரும் பயந்துபோய் பிளீச்சிங் பவுடரைத் தேடுகிறார்கள். பயப்படாதீர்கள், மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கிறதே, அதே கதைதான். சோப்பின் காரம் போக நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். மிச்சமிருக்கும் மஞ்சளுக்கு வெயிலை விஞ்சிய மருந்து இல்லை: ஈரத்தோடு கறை வெயிலைப் பார்க்கும்படி மூன்று நான்கு மணி நேரம் விரித்துப் போடுங்கள், போகாவிட்டால் மறுநாளும் நனைத்துப் போடுங்கள். சாயம் போட்ட பருத்தி என்றால் இவ்வளவு வெயில் ஆகாது, துணியும் சேர்ந்து வெளுக்கும். கறை முழுக்கப் போகும்வரை இஸ்திரி போடாதீர்கள், சூடு பட்டால் கறை நிலைத்துவிடும்.

இப்போது பட்டு. பட்டு நம் தலைமுடி மாதிரி புரத இழை. காரச் சோப்பு அதை அரிக்கும், பிளீச் அதைக் கரைத்தே விடும். என்சைம் சேர்த்த சோப்புத்தூளும் வேண்டாம், புரதக் கறையைத் தின்னும் என்சைம் பட்டையும் விட்டுவைக்காது. நனைந்த பட்டுக்கு வலு குறைவு என்பதால்தான் சித்தியின் தேய்ப்பு அப்படி வினையாகிப் போனது.

ஆகவே தண்ணீரே இல்லாமல் ஆரம்பியுங்கள். புடவையைச் சமமாக விரித்து, கறை மேல் டால்கம் பவுடரை (இல்லாவிட்டால் சோள மாவு) துணி தெரியாத அளவுக்குக் குவித்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் அந்தப் பவுடர் லேசாக மஞ்சளித்துக் கட்டியாகியிருக்கும், அது எண்ணெயை உறிஞ்சியதற்கு அடையாளம். மென்மையான பிரஷால் தட்டிவிட்டு, பவுடர் வெள்ளையாகவே இருக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பல நேரம் இதிலேயே முக்கால்வாசி போய்விடும்.

மீதி மஞ்சளைத் தொடுமுன் சாயத்தைச் சோதியுங்கள். உள்ளே செருகும் பக்கத்தில், வெளியே தெரியாத ஓர் இடத்தில், ஈர வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உடலும் கரையும் வேறு நிறம் என்றால் இரண்டிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், அரக்குக் கரைதான் அடிக்கடி ஏமாற்றும். வெள்ளைத் துணியில் துளி நிறம் ஏறினாலும் நிறுத்திவிடுங்கள். ஏறாவிட்டால், பட்டுக்கென்று விற்கும் மென்மையான திரவத்தில் கால் டீஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து, கறைக்கு அடியில் வெள்ளைத் துண்டை வைத்து, பஞ்சால் வெளியிலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். பிறகு வெறும் தண்ணீரால் அதேபோல ஒற்றி, ஈரத்தின் ஓரத்தை வறண்ட பக்கம் மெல்ல இழுத்துக் கலைத்துவிட்டு, மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்துங்கள். ஓரத்தைக் கலைக்காவிட்டால் கறை போய், வட்டமாக ஒரு தண்ணீர்த் தடம் வந்து நிற்கும்.

பட்டை வெயிலில் மட்டும் போடாதீர்கள். அப்படியும் மஞ்சள் நின்றாலோ, ஜரிகை மேலேயே கொட்டியிருந்தாலோ டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது இது சாம்பார், பவுடர் போட்டேன், திரவத்தால் ஒற்றினேன் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். எண்ணெயை அவர்கள் எடுத்துவிடுவார்கள், மஞ்சளுக்கு அவர்களாலும் உறுதி சொல்ல முடியாது. எங்கள் அம்மா புடவையில் இன்னும் லேசாக ஒரு மஞ்சள் நிழல் இருக்கிறது, மடிப்புக்குள் போகிறபடி கட்டிக்கொள்கிறார்.