வேறுபட்ட சொல்: முதலில் மூன்றுக்குப் பெயர்

புலமைப்பரிசில் வினாத்தாளில் நான்கு சொற்களைத் தந்து வேறுபட்ட சொல்லைக் கேட்டால், அதைத் தேடாமல் மற்ற மூன்றுக்கும் பொதுப்பெயர் சூட்டப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, ஏறாவூர், கல்முனை என்று வந்தால் ‘ஊர்கள்’ என்ற பெயர் நான்குக்கும் பொருந்தும், அது உதவாது. ‘குடி’ என முடிபவை இரண்டுதான், அதையும் விடலாம். ‘மட்டக்களப்பு மாவட்ட ஊர்கள்’ என்றால் சரியாக மூன்று. மிஞ்சுவது அம்பாறை மாவட்டக் கல்முனை. பெயர் மூன்றுக்கு மட்டும் பொருந்த வேண்டியிருப்பதால், கண்ணுக்குப் பட்டதை அவசரமாகக் கீறிவிட முடியாது.

எழுத்தை வைத்துக் கேட்கும் வினாவுக்கு இந்தப் பொருள்வழிப் பெயர் சரிவராது. இதே பட்டியலில் ககர வரிசையில் தொடங்காதது எது என்றால், விடை ஏறாவூர். ஆகவே அறிவுறுத்தலை முதலில் வாசிக்க வேண்டும், பிள்ளைகள் தாண்டிப்போவதே அந்த வரியைத்தான்.